பாட்டியின் படமும் ஒரு மின்னஞ்சலும்

(மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பற்றிய பிரசாரப் பணிக்காக மும்பையில் கூட்டப்பட்ட உறுப்பினர் கூட்டத்தில், சங்கத்தின் விளம்பரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

தாராவியில் இருந்தும், மாட்டுங்காவில் இருந்தும், செம்பூர், முலுண்டு பகுதிகளில் இருந்தும் இவ்வளவு பேர் திரண்டு வந்திருப்பதன் காரணம் எங்களுக்குத் தெரியும். கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்பதற்காக மட்டும் நீங்கள் வரவில்லை. "பாட்டி படத்தை எடுத்துவிட்டார்களாமே, யாரைக் கேட்டு எடுத்தார்கள்?" என்று கேட்பதற்கும் வந்திருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லும் கடமை விளம்பரக் குழுவினராகிய எங்களுக்கு உண்டு.

அந்தப் படத்தை அறியாதவர் நம் சங்கத்தில் இல்லை. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசி. அதன்மேல் பேத்தியின் விரலைப் பிடித்து "அ" எழுத வைக்கும் ஒரு பாட்டி. நம் தமிழ் வகுப்புக்காக முதலில் வந்த படம் அது. பிறகு நாட்காட்டியில் வந்தது, ஆண்டு மலரின் அட்டையில் வந்தது, பலருடைய வீட்டுச் சுவரிலும் ஏறியது. ஆகவே, கணக்கெடுப்பில் தாய்மொழியைச் சரியாகப் பதியச் செய்யும் பிரசாரம் என்று முடிவானவுடன், அதற்கும் இந்தப் படமே முகமாக இருக்கட்டும் என்று எல்லோரும் விரும்பியது இயற்கை.

இந்தப் பிரசாரத்துக்கான அச்சு வேலையையும் கைபேசியில் பரப்பும் படங்களையும் கவனித்துக் கொள்ளும் வடிவமைப்பு மேலாளர் அம்மையார், செயற்குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான். அந்த மின்னஞ்சலின் முக்கியமான பகுதிகளை இங்கே படித்துக் காட்டி, ஒவ்வொன்றின் பொருளையும் விளக்க விரும்புகிறோம்.

அவர் இப்படித் தொடங்குகிறார்:

"செயற்குழுப் பெரியவர்களுக்கு வணக்கம். பாட்டி படத்தைக் கணக்கெடுப்புப் பிரசாரத்தில் இருந்து எடுத்து வைக்கிறோம். தமிழ் வகுப்பு விளம்பரத்தில் அது அப்படியே இருக்கலாம் என்பது என் கருத்து. படம் நன்றாக இல்லை என்பது காரணமல்ல. நாம் சொல்ல வேண்டியதற்கு நேர் எதிரானதை அது சொல்கிறது என்பதே காரணம்."

நேர் எதிரானதைச் சொல்கிறதா? இந்த வரியைப் படித்தபோது செயற்குழுவில் ஒரு சலசலப்பு எழுந்தது. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் படம் தமிழுக்கு எதிராக என்ன சொல்லிவிடும் என்று கேட்டார்கள். அதைப் புரிந்துகொள்ள, கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற கேள்விக்கு என்ன பொருள் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

தோழர்களே, கடைசியாக நடந்து முடிந்த கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. 2021-ல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என்று 2025 ஜூன் மாதம் மத்திய அரசு அறிவித்தது. ஆக, ஒரு கணக்குக்கும் மறு கணக்குக்கும் இடையே 16 ஆண்டு இடைவெளி. 2011-ல் மகாராஷ்டிர மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழி வகுப்பு வேண்டும் என்று கேட்கப் போனால், நூலகத்துக்குத் தமிழ் நூல் வேண்டும் என்று மனுக் கொடுத்தால், எதிரே இருக்கும் அதிகாரி முதலில் கேட்பது "உங்கள் ஆட்கள் எத்தனை பேர்?" என்பதைத்தான். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்து தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கையைக் காட்டாமல் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட முடியாது.

2011-ன் படிவத்தில் 10ஆவது கேள்வி தாய்மொழி. 11ஆவது கேள்வி, தெரிந்த பிற மொழிகள். இந்த இரண்டும் வேறு வேறு. தாய்மொழி என்றால் என்ன என்று கணக்கெடுப்பாளருக்குக் கொடுத்த விதி சொல்கிறது: ஒருவரிடம் அவருடைய குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் பேசிய மொழி எதுவோ, அதுவே தாய்மொழி. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருந்தால், அந்த வீட்டில் அப்போது பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. அவ்வளவுதான். எழுதத் தெரியுமா என்று அந்த விதி கேட்கவில்லை. படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், அலுவலகத்தில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. தாய் பேசினாள், பிள்ளை கேட்டது. அதுதான் அளவுகோல்.

இதை மனத்தில் வைத்துக் கொண்டு மின்னஞ்சலின் அடுத்த பகுதியைக் கேளுங்கள்:

"இந்தப் பிரசாரம் யாருக்காக? தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாய்மொழி தமிழ் என்று தாமாகவே சொல்லிவிடுவார்கள். தவறிப் போகிறவர்கள் வேறு. மராத்திப் பள்ளியிலோ, இந்திப் பள்ளியிலோ, ஆங்கிலப் பள்ளியிலோ படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்துத் தெரியாது. அவர்களிடம் அ என்ற எழுத்தைப் பெரிதாகக் காட்டினால், தாய்மொழி என்பது எழுத்தறிவு என்று நாமே சொல்லிக் கொடுத்தது போலாகிறது. எனக்குத்தான் அ எழுத வராதே, அப்படியானால் என் மொழி மராத்தி என்றே எழுதிக் கொள்ளட்டும் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்."

தோழர்களே, இந்த மின்னஞ்சலின் உயிர்நாடி இதுதான். நாம் எந்தப் பிள்ளையைக் கணக்குக்குள் கொண்டு வர விரும்புகிறோமோ, அந்தப் பிள்ளையை அந்தப் படம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எழுத்தறிந்த நமக்கு அது பாசமாகத் தெரிகிறது. எழுத்தறியாத நம் பிள்ளைக்கு அது ஒரு தேர்வுத்தாளாகத் தெரிகிறது.

"இது அந்த அம்மையாரின் ஊகம்தானே?" என்று ஒரு மூத்த தோழர் செயற்குழுவில் கேட்டார். ஊகமாக இருந்தால் நாங்களும் ஏற்றிருக்க மாட்டோம். அவர் எப்படிச் சோதித்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். அந்த முறை எளியது. எந்தச் சங்கமும், எந்தச் சுவரொட்டிக்கும் செய்து பார்க்கலாம்.

படத்தை ஒருவரிடம் ஐந்து வினாடி மட்டும் காட்ட வேண்டும். உடனே திருப்பி வைத்துவிட வேண்டும். தெருவில் நடந்து போகிறவன் சுவரொட்டிக்குக் கொடுக்கும் நேரம் அவ்வளவுதான். கைபேசியில் விரலால் தள்ளிக் கொண்டு போகிறவன் கொடுப்பது அதைவிடக் குறைவு. பிறகு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன பார்த்தீர்கள்? உங்களை என்ன செய்யச் சொல்கிறது? இது யாருக்காக? "படம் பிடித்திருக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது என்கிறார் அவர். ஏனென்றால், அதற்குக் கிடைக்கும் பதில் மரியாதையின் பதில். நம் மக்கள் நல்லவர்கள். கையில் ஒன்றை வைத்துக் கொண்டு நிற்பவரின் முகம் வாடும்படி பேச மாட்டார்கள். யாரிடம் காட்டுவது என்பதும் முக்கியம். சங்கத்தின் உறுப்பினர்களிடம் காட்டிப் பயன் இல்லை. விஷயம் தெரிந்தவர் படத்தில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்.

ஆகவே அவர் தோல் பட்டறைகளிலும், இட்லி வண்டிகள் புறப்படும் சந்துகளிலும், கல்லூரி வாசலிலும் காட்டினார். முதல் கேள்விக்கு எல்லோரும் விடை சொன்னார்கள். பாட்டியைப் பார்த்தோம், பேத்தியைப் பார்த்தோம், அரிசியில் எழுதுகிறார்கள் என்றார்கள். சிலர் தம் சொந்தப் பாட்டியைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் வந்தது. "தமிழ் வகுப்பில் சேரச் சொல்கிறது" என்றவர்களே பெரும்பாலோர். வகுப்பு எந்தக் கிழமை, கட்டணம் உண்டா என்று கேட்டவர்களும் உண்டு. படத்தின் கீழே கணக்கெடுப்பு என்று தெளிவாக அச்சிட்டிருந்தும், அந்தச் சொல் யார் நினைவிலும் தங்கவில்லை. மூன்றாவது கேள்விக்கு ஓர் இளைஞர் சொன்ன விடையை அம்மையார் அப்படியே எழுதியிருக்கிறார்: "இது தமிழ் தெரிந்தவங்களுக்கு. நமக்கில்லை." அந்த விடையை அவர் சுத்தமான தமிழில்தான் சொன்னார், தோழர்களே! தமிழ் பேசிக் கொண்டே தமிழ் தெரியாதவன் என்று தன்னை எண்ணிக் கொள்கிற ஒரு தலைமுறை நம் தெருவில் இருக்கிறது.

ஒரு படம் நன்றாகக் கண்ணில் படலாம், மனத்தில் நிற்கலாம், ஆனாலும் செய்தி சேராமல் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்ற விதி 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது. மெல்லும் புகையிலைக்கு அரசு தேர்ந்தெடுத்த படம் ஒரு தேள். தேள் கொட்டினால் சாவு, புகையிலையும் அப்படித்தான் என்பது வரைந்தவர்களின் எண்ணம். ஆனால் தேளைப் பார்த்தவனுக்குத் தேள் தெரிந்தது, வாய்ப்புற்று தெரியவில்லை. தேளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாங்குகிறவன் யோசிக்க வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் முதல் அந்தத் தேளை நீக்கிவிட்டு, நோய் தின்ற வாயையே படமாகப் போட்டார்கள். வரைந்தவன் மனத்தில் இருக்கும் பொருள் வேறு. பார்ப்பவன் மனத்தில் எழும் பொருள் வேறு. பிரசாரத்தில் இரண்டாவதுதான் கணக்கில் சேரும்.

மின்னஞ்சலில் இரண்டாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அது சிறிய பகுதி. ஆனால் விட்டுவிடக் கூடியதன்று.

"இந்தப் படம் ஒரு வார இதழில் வந்த புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்டது என்று அறிகிறேன். அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அனுமதிக் கடிதம் எதுவும் கோப்பில் இல்லை. சங்க வகுப்பின் துண்டறிக்கைக்கும், மாநிலம் முழுதும் பல்லாயிரம் கைபேசிகளுக்குப் போகும் பிரசாரத்துக்கும் வேறுபாடு உண்டு."

"பார்த்து வரைந்தால் அது ஓவியம்தானே, ஓவியருடைய சொத்துதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. புகைப்படத்தின் ஆசிரியர், அதை எடுத்தவர். அதை வேறு வடிவத்தில் படி எடுக்கும் உரிமையும் உரிமையாளருக்கே உரியது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அந்த உரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கிறது. பழைய படம் என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது.

உலகமே அறிந்த ஒரு வழக்கை அம்மையார் நினைவூட்டுகிறார். 2008-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, சிவப்பும் நீலமும் வெளிர்மஞ்சளுமாக ஒபாமாவின் முகத்தைத் தீட்டி, கீழே "நம்பிக்கை" என்ற பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பொறித்த சுவரொட்டி ஊரெங்கும் பரவிற்றே, நினைவிருக்கிறதா? அதைச் செய்தவர் ஷெப்பர்டு பேரி என்ற தெரு ஓவியர். அவர் ஆதாரமாகக் கொண்ட புகைப்படம், மேனி கார்சியா என்பவர் 2006 ஏப்ரலில் வாஷிங்டனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக எடுத்தது. தேர்தலில் ஒபாமா வென்றார். அந்தச் சுவரொட்டியின் ஒரு வடிவம் நாட்டின் உருவப்பட அருங்காட்சியகத்துக்கே போயிற்று. அதன் பிறகு 2009-ல் வழக்கு வந்தது. எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தார் என்பதில் உண்மையை மறைத்து, சான்றுகளையும் மாற்றியதை ஓவியர் அந்த ஆண்டிலேயே ஒப்புக் கொள்ள நேர்ந்தது. உரிமை வழக்கு 2011 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. சான்றை மாற்றிய குற்றத்துக்காக 2012 செப்டம்பரில் அவருக்கு இரண்டு ஆண்டு நன்னடத்தைக் காவலும் 25,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அங்கே ஓவியரிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், தாங்கிக் கொண்டார். நாமோ ஒரு சங்கம். கணக்கெடுப்பாளர் வீடு வீடாக வரும் அந்தச் சில வாரங்களில், "படத்தை நீக்கு" என்று எங்கிருந்தோ ஓர் அறிவிப்பு வந்தால் என்ன செய்வோம்? ஒட்டியதைக் கிழிப்போமா, வந்தவரிடம் பேசுவோமா? ஆகவே, இந்தக் காரணம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் உரிமையாளரைத் தேடலாம், புதிதாக ஒரு பாட்டியை உட்கார வைத்துப் படம் எடுக்கலாம். முதல் காரணமும் சேர்ந்து நிற்பதால்தான் அந்த வழிகள் பயன்படவில்லை. புதிய பாட்டியும் அதே "அ"வைத்தான் எழுதுவாள்.

சரி, அதற்கு மாற்றாக என்ன? இங்கேதான் இரண்டாவது சண்டை வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அம்மையார் அனுப்பியிருக்கும் புதிய படத்தில் ஒரு வீட்டு வாசல். வெளியே கைபேசியும் அடையாள அட்டையுமாக ஒரு கணக்கெடுப்பாளர். வாசலில் ஓர் இளைஞன். உள்ளே இருந்து அவனை அழைக்கும் தாயின் குரல், "சாப்பிட்டியா?" என்ற ஒரே சொல்லாகப் பெரிய எழுத்தில் வருகிறது. அந்தச் சொல் மேலே தமிழ் எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே அதே தமிழ்ச் சொல் தேவநாகரி எழுத்தில் இருக்கிறது. அடியில் மராத்தியிலும் தமிழிலும் ஒரு கேள்வி: "சின்ன வயதில் அம்மா உங்களிடம் பேசிய மொழி எது? அதைச் சொல்லுங்கள்."

"தமிழ்ச் சொல்லை இந்தி எழுத்தில் எழுதுவதா? இதற்கா நாம் சங்கம் வைத்திருக்கிறோம்?" என்று கொதித்தவர்கள் உண்டு. அந்தக் கொதிப்பை நாங்கள் மதிக்கிறோம். அதன் வரலாறும் நமக்குத் தெரியும். ஆனால் நிதானமாக எண்ணிப் பாருங்கள். தேவநாகரி மராத்தியின் எழுத்தும் ஆகும். நம் பிள்ளை இங்கே பள்ளியில் முதலில் கற்றது அந்த எழுத்தைத்தான். அவன் அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கும்போது, அவன் வாயில் இருந்து வருவது மராத்தியும் அல்ல, இந்தியும் அல்ல. அவன் தாயின் குரல் வருகிறது! தனக்குத் தமிழ் தெரியாது என்று எண்ணிக் கொண்டிருந்தவன், தன் வாயாலேயே தமிழைக் கேட்கிறான். எழுத்து வேறு, மொழி வேறு என்பதை ஒரு சொற்பொழிவாலும் இவ்வளவு விரைவாக விளக்க முடியாது. தமிழ் எழுத்தை நாம் விட்டுக் கொடுக்கவில்லை. அது மேலே நிற்கிறது. தமிழ் எழுத்தை அவனுக்குக் கற்பிக்கும் வேலை தமிழ் வகுப்பின் வேலை. அங்கே பாட்டி இருக்கிறாள்.

புதிய படமும் முதல் தடவையிலேயே தேறிவிடவில்லை என்பதை மின்னஞ்சல் சொல்கிறது. முதலில் வரைந்ததில், சொல்லுக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் சோற்றுத் தட்டு ஒன்று இருந்தது. ஐந்து வினாடி காட்டிக் கேட்டபோது, "புதுசா மெஸ் திறக்கிறாங்களா?" என்றார்கள். தட்டை எடுத்துவிட்டு வாசலையும் கணக்கெடுப்பாளரையும் போட்டார். மறுபடி காட்டியபோது, "வீட்டுக்குக் கேட்க வர்றாங்க, அம்மா பேசின மொழியைச் சொல்லணும்" என்ற விடை வரத் தொடங்கிற்று. பட்டறையில் ஒரு பையன் தேவநாகரியைப் படித்துவிட்டுச் சிரித்தானாம். "இது எங்க அம்மா கேக்கிறதாச்சே!" என்றானாம். அப்போதுதான் அம்மையார் அந்தப் படத்தை இறுதி செய்தார்.

இன்னொரு எச்சரிக்கையும் அவர் விடுத்திருக்கிறார். அதை நாங்கள் முழு மனதோடு ஏற்கிறோம். "எல்லோரும் தமிழ் என்று சொல்லுங்கள்" என்று படத்தில் எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து வந்து நம்மோடு ஒன்றாக வாழும் குடும்பங்களில் தெலுங்கு பேசும் தாயும் உண்டு, சௌராஷ்டிரம் பேசும் தாயும் உண்டு, உருது பேசும் தாயும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் தம் தாயின் மொழியைத்தான் சொல்ல வேண்டும். கணக்கெடுப்புச் சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டம். கேட்கும் கேள்விக்குத் தனக்குத் தெரிந்த அளவில் உண்மையாக விடை சொல்லும் கடமையை அது ஒவ்வொருவர் மீதும் வைக்கிறது. உண்மையைச் சொன்னாலே நம் எண்ணிக்கை சரியாக வரும். பொய்யால் கூட்டிய எண்ணிக்கை, அதைக் காட்டி மனுக் கொடுக்கும் நாளில் நம்மையே காட்டிக் கொடுக்கும்.

இனி, மின்னஞ்சலின் கடைசிப் பகுதி. பழைய படத்தை எடுத்து வைப்பது எப்படி என்பது பற்றி அவர் சொல்வது:

"இரண்டு படமும் ஒரே நேரத்தில் வெளியே இருந்தால், மக்கள் பழகியதைத்தான் பார்ப்பார்கள், புதியது எடுபடாது. ஆகவே கணக்கெடுப்புக்காகப் பாட்டி படம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். ஒட்டிய சுவர்கள், அச்சகத்தில் இருக்கும் கோப்பு, கைபேசிக் குழுக்கள், பதாகைகள் எல்லாம் அதில் வர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பழையதை எடுக்கும் அன்றே புதியதை வைக்க வேண்டும். வெற்றிடம் விட்டால் பழையதை யாராவது அன்போடு மறுபடி ஒட்டிவிடுவார்கள்."

அன்போடு ஒட்டிவிடுவார்கள் என்கிறார். நம்மை நன்றாக அறிந்திருக்கிறார்! கைபேசியில் ஒருமுறை பரவிய படத்தை யாராலும் முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். அதனால், யாராவது பழைய படத்தைக் குழுவில் அனுப்பினால் அவரைக் கடிந்து கொள்ள வேண்டாம். அதற்கு அடியிலேயே புதிய படத்தை அனுப்பிவிட்டால் போதும் என்கிறார். புதிய படத்தின் மூலையில் பிரசாரத்தின் பெயரும் மாதமும் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கின்றன. எது இப்போதையது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

படத்தால் ஆகாத ஒன்றும் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள். வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் ஒருவரிடம் மட்டுமே கேட்பார். அந்த ஒருவர் மராத்தியில் பேசினால், அவசரத்தில் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே மொழியைப் பதிந்து கொண்டு போய்விடக் கூடும். விதிப்படி தாய்மொழி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பதிய வேண்டியது. மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று இருக்கலாம். சொல்வதைத்தான் அவர் எழுத வேண்டும், அவராக முடிவு செய்யக் கூடாது. "எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன மொழி பதிந்தீர்கள், படித்துக் காட்டுங்கள்" என்று கேட்கும் துணிவு நம் தாய்மார்களுக்கு வர வேண்டும். தமிழைப் பதிந்த பிறகு, மராத்தியையும் இந்தியையும் தெரிந்த பிற மொழிகளாகச் சொல்லிக் கொள்ளலாம். 2011 படிவத்தில் அப்படி இரண்டு மொழிகளைப் பதிய இடம் இருந்தது.

ஆகவே தோழர்களே, செயற்குழுவின் முடிவை அறிவிக்கிறோம். கணக்கெடுப்புப் பிரசாரத்தில் பாட்டி படம் இனி இல்லை. தமிழ் வகுப்புக்காக, ஒரு குடும்பத்தின் எழுத்துமூல இசைவோடு புதிய புகைப்படம் எடுக்கப்படும். பாட்டி, பேத்தி, பச்சரிசி எல்லாம் அதில் இருக்கும். எடுத்தவரின் பெயரும் அனுமதிக் கடிதமும் கோப்பில் இருக்கும். வாசல் படத்தின் கட்டுகள் மேடைக்கு இடப்புறம் பகுதிவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பகுதிச் செயலாளரும் தம் கட்டைப் பெற்றுக் கொண்டு, தம் பகுதியில் பாட்டி படம் இருக்கும் இடங்களின் பட்டியலை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் விளம்பரக் குழுவிடம் சேர்க்குமாறு கேட்டுக் கொள்கிறோம். ஒட்டும் முன்பு உங்கள் தெருவில் தமிழ் எழுத்து அறியாத ஒரு பிள்ளையிடம் ஐந்து வினாடி காட்டுங்கள். அவன் என்ன சொல்கிறான் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்தப் பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள்.